ஏழாம் பிறந்தநாளில் ஒரு கோடு

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது சுந்தரபாண்டியபுரம். சாரல் காலத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால், மலை தாண்டி கேரளத்திலிருந்தும் ஆட்கள் பார்க்க வருகிற ஊர். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் இந்த ஊர் ஒரே ஒரு வரி. 2011 அட்டவணையில் தமிழ்நாடு, அதற்குள் திருநெல்வேலி மாவட்டம், அதற்குள் தென்காசி வட்டம் என்று இறங்கி வந்தால் சுந்தரபாண்டியபுரம் பேரூராட்சியின் வரி வரும். அதற்குக் கீழே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வரி.

இந்த அட்டவணைக்கு முதன்மை மக்கள்தொகைச் சுருக்கம் என்று பெயர். நாட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒவ்வொரு நகர வார்டுக்கும் கிடைக்கிற அடிப்படைக் கணக்கு இது. கணினியில் திறந்தால் ஊர்ப் பெயரை அடுத்து சுருக்கெழுத்துத் தலைப்புகளில் பத்திகள் நீளும். `No_HH` குடும்பங்களின் எண்ணிக்கை. `TOT_P`, `TOT_M`, `TOT_F` என்பவை மொத்த மக்கள், ஆண்கள், பெண்கள். அடுத்த மூன்று பத்திகள் `P_06`, `M_06`, `F_06`. பூஜ்ஜியத்திலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், அவர்களில் ஆண், அவர்களில் பெண். அதற்குப் பிறகு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர்கள், உழைப்பவர்கள் என்று பட்டியல் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை பத்திகளில் வயதுக்கென்று ஒதுக்கப்பட்டது இந்த மூன்று மட்டும்தான். வாக்களிக்கும் வயது வந்தவர்களுக்குப் பத்தி இல்லை. முதியவர்களுக்கும் இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் ஏன் தனி இடம்? அதுவும் ஐந்தில் நிற்காமல், பத்துக்கும் போகாமல், ஆறில் ஏன் நிற்கிறது?

எந்தக் குழந்தைகள் உள்ளே?

முதலில், ஆறு என்றால் எந்த ஆறு என்று பார்த்துவிடலாம். இந்தப் பத்தியை 'ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது ஒரு வயதை விட்டுவிடுகிற கணக்கு. கணக்கெடுப்பில் எழுதப்படுவது நிறைந்த வயது, அதாவது கடைசியாகக் கடந்த பிறந்தநாளின் எண். பிறந்து நான்கு மாதமான குழந்தைக்கு வயது பூஜ்ஜியம். ஆறு முடிந்து பதினொரு மாதமான குழந்தைக்கும் வயது ஆறுதான். ஆக 0, 1, 2, 3, 4, 5, 6 என்று ஏழு வயதுகள் இந்தப் பத்திக்குள் அடங்குகின்றன. கோடு விழுவது ஏழாம் பிறந்தநாளில்.

அந்தக் கோட்டை எந்த நாளில் போடுவது என்பதும் துல்லியமானது. 2011 கணக்கெடுப்புக்கு மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணிதான் அளவுகோல். கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அவர்கள் வந்துபோன பிறகு பிப்ரவரி 25 அன்று ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? அதற்காகவே மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி ஒரு சுற்று வந்தார்கள். இடையில் பிறந்தவர்களைச் சேர்த்தார்கள், இறந்தவர்களை நீக்கினார்கள். மார்ச் 2 அன்று பிறந்த குழந்தை தொட்டிலில் கிடந்தாலும் கணக்கில் சேராது. இப்படிப் பார்த்தால் 2011-இன் `P_06` பத்தி என்பது 2004 மார்ச் முதல் 2011 பிப்ரவரி வரை பிறந்து, அந்த நள்ளிரவில் உயிரோடு இருந்த குழந்தைகளின் தொகை. ஏழு ஆண்டுப் பிறப்புகளுக்கான ஒரு சன்னல்.

இந்தச் சன்னலின் பலவீனமான இடம் அதன் மேல் விளிம்பு. 'பிள்ளைக்கு என்ன வயசு?' என்று வாசலில் கேட்டால், நம் வீடுகளில் 'ஏழு நடக்குது' என்ற பதில் சாதாரணமாக வரும். ஏழு நடக்கிறது என்றால் நிறைந்த வயது ஆறு. கணக்கெடுப்பாளர் கேட்டபடியே 7 என்று எழுதிவிட்டால் அந்தக் குழந்தை மொத்த மக்கள்தொகையில் இருக்கும், ஆனால் குழந்தைகள் பத்தியிலிருந்து நழுவிவிடும். 2011 படிவத்தில் வயதோடு பிறந்த தேதியையும் கேட்டது இந்த நழுவலைப் பிடிக்க உதவியது.

கழிப்பதற்காகப் பிறந்த பத்தி

இப்போது அந்த ஆறுக்கு வருவோம். பெண் குழந்தைகளைக் கண்காணிக்கத்தான் இந்தப் பத்தியை உருவாக்கியிருப்பார்கள் என்று தோன்றும். உண்மைக் காரணம் எழுத்தறிவு.

கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தவர் என்றால், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர். பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் வயது நிபந்தனை உண்டு. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள எல்லாக் குழந்தைகளையும், அவர்கள் படிப்பார்களா இல்லையா என்று பார்க்காமல், எழுத்தறியாதவர் என்றே கணக்கெடுப்பு பதிவு செய்கிறது. முதல் வகுப்பில் சரளமாக வாசிக்கிற ஆறு வயதுச் சிறுமிக்கும் அதே குறிதான். 1981 வரை இந்த எல்லை ஐந்து வயதாக இருந்தது. புரிந்து படிக்கும் திறன் ஏழு வயதில்தான் நிலைபெறுகிறது என்ற கருத்தில் 1991-இல் எல்லையை ஏழுக்கு நகர்த்தினார்கள்.

இப்படி முடிவு செய்ததும் ஒரு கணக்குச் சிக்கல் எழுகிறது. படிக்கவே வாய்ப்பில்லாத கைக்குழந்தைகளையும் சேர்த்து வகுத்தால் எழுத்தறிவு விகிதம் அநியாயமாகக் குறையும். அதனால் மொத்த மக்கள்தொகையிலிருந்து குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அப்படிக் கழிப்பதற்கு ஒவ்வொரு ஊருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை தேவை. `P_06` அட்டவணைக்குள் வந்தது இந்த வேலைக்காக.

தமிழ்நாட்டின் 2011 எண்களை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். மொத்த மக்கள் 7,21,47,030. எழுத்தறிந்தவர்கள் 5,18,37,507. குழந்தைகள் 74,23,832. அப்படியே வகுத்தால் எழுத்தறிவு 71.85 விழுக்காடு. குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்தால் 80.09 விழுக்காடு. ஒரு பத்தியைக் கழித்ததில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. பாடப்புத்தகங்களில் நாம் படிக்கிற 80.09 இப்படி வந்ததுதான்.

இதே அட்டவணையில் அவசரமாகப் பார்ப்பவர்களை வழுக்கிவிடும் ஓர் இடமும் இருக்கிறது. `P_ILL` என்ற பத்தி எழுத்தறியாதவர்களைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கு அது 2 கோடியே 3 லட்சம். மாநிலத்தில் இத்தனை பேருக்குப் படிக்கத் தெரியாதா என்று பதற வேண்டாம். அதில் 74 லட்சம் பேர் ஏழு வயது நிரம்பாத குழந்தைகள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கழித்தால் மிஞ்சுவது சுமார் 1 கோடியே 29 லட்சம். சுந்தரபாண்டியபுரத்தின் வரியைப் பார்த்தாலும், நாட்டின் எந்த ஊரின் வரியைப் பார்த்தாலும், இந்தக் கழித்தலைச் செய்யாமல் எழுத்தறிவைப் பற்றிப் பேசக் கூடாது.

கையால் கூட்டியதும் இயந்திரம் படித்ததும்

எழுத்தறிவு விகிதத்தைச் சீக்கிரம் வெளியிட வேண்டும் என்பதால், குழந்தைகளின் எண்ணிக்கையும் சீக்கிரம் தேவைப்பட்டது. இங்கேதான் இந்தப் பத்திக்கு எதிர்பாராத ஒரு பலம் கிடைத்தது.

ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்ற முழு வயது அட்டவணை வெளிவர ஆண்டுக்கணக்கில் ஆகும். எல்லாப் படிவங்களையும் இயந்திரம் படித்து முடிக்க வேண்டும். ஆனால் 2011-இல் மார்ச் 5 அன்று மறுசுற்று முடிந்து, மார்ச் 31 அன்றே தற்காலிக எண்கள் வெளியாயின. எப்படி முடிந்தது? ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும், பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், தம் பகுதியின் படிவங்களை மேசையில் வைத்துக்கொண்டு, சில எண்களை மட்டும் கையால் கூட்டி ஒரு சுருக்கத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, எழுத்தறிந்தவர்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை. ஒரு பகுதியில் சுமார் அறுநூறு, எழுநூறு பேர்தான். இந்தத் தாள்கள் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலேறி, 121 கோடி பேரின் தொகையாக டெல்லியில் சேர்ந்தன.

முழுப் படிவங்களும் பின்னர் இயந்திரத்தால் படிக்கப்பட்டபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை தற்காலிகக் கணக்கில் 7,21,38,958. இறுதிக் கணக்கில் கூடியது வெறும் 8,072 பேர். ஏழு கோடியில் எட்டாயிரம் என்பது வியக்கத்தக்க துல்லியம். ஆனால் அதே மாநிலத்தின் குழந்தைகள் எண்ணிக்கை 68,94,821-இலிருந்து 74,23,832 ஆகக் கூடியது. 5 லட்சத்து 29 ஆயிரம் குழந்தைகள் புதிதாகத் தோன்றினார்கள்.

ஆட்கள் விடுபடவில்லை என்பதை மொத்த எண் சொல்கிறது. அப்படியானால் இந்தக் குழந்தைகள் முதலிலிருந்தே கணக்கில் இருந்தவர்கள். குழந்தைகள் பத்தியில் மட்டும் விடுபட்டவர்கள். அவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு எழுத்தறிந்தவர்கள் பத்தியில் ஒரு தடயம் கிடைக்கிறது. தற்காலிகக் கணக்கில் எழுத்தறிந்தவர்கள் 5,24,13,116. இறுதிக் கணக்கில் அது 5 லட்சத்து 76 ஆயிரம் குறைந்தது. ஒரு பக்கம் குழந்தைகள் கூடியது, மறுபக்கம் எழுத்தறிந்தவர்கள் குறைந்தது, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. பள்ளிக்குப் போய்ப் பெயர் எழுதக் கற்றுவிட்ட ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளைக் கையால் கூட்டும்போது எழுத்தறிந்தவர் பக்கம் சேர்த்திருப்பார்கள் என்று கருத இடம் இருக்கிறது. விதிப்படி அவர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. இயந்திரம் வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஐந்து லட்சம் குழந்தைகள் விடுபட்டிருந்தும், ஆண் பெண் விகிதம் பெரிதாகத் தவறவில்லை. தற்காலிகக் கணக்கில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 946 பெண் குழந்தைகள். இறுதிக் கணக்கில் 943. விடுபடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நடந்தால், எண்ணிக்கை தவறும், விகிதம் தப்பிக்கும். கழிப்பதற்காகப் பிறந்த பத்தி, வேறொரு பெரிய வேலைக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

1,023-க்குள் ஒளிந்திருந்த 960

அந்த வேலைதான் குழந்தைப் பாலின விகிதம். ஏழு வயது நிரம்பாத ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற அளவு. சூத்திரம் ஒரே வரி:

```
F_06 ÷ M_06 × 1000
```

மொத்தப் பாலின விகிதம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு? சுந்தரபாண்டியபுரம் அன்று இருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் வரியை எடுத்துக்கொள்வோம். 2011-இல் ஆண்கள் 15,20,912. பெண்கள் 15,56,321. விகிதம் 1,023. ஆணைவிடப் பெண் அதிகம். இதை மட்டும் பார்த்தால் பெண்கள் செழித்து வாழ்கிற மாவட்டம் என்று முடிவு கட்டிவிடலாம்.

குழந்தைகளின் பத்தியைப் பாருங்கள். ஆண் குழந்தைகள் 1,64,157. பெண் குழந்தைகள் 1,57,530. விகிதம் 960. ஒரே மாவட்டம், ஒரே நள்ளிரவு, ஆனால் இரு எண்களுக்கும் நடுவே 63 வேறுபாடு. குழந்தைகளை நீக்கிவிட்டுப் பெரியவர்களை மட்டும் கணக்கிட்டால் விகிதம் 1,031 ஆகிறது.

வேறுபாட்டுக்குக் காரணம், பெரியவர்களின் எண் இரண்டு மூன்று கதைகளைக் குழைத்துச் சொல்வது. இந்தப் பக்கத்து ஆண்கள் பிழைப்புக்காகச் சென்னைக்கும் கேரளத்துக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். கணக்கெடுப்பு நாளில் அவர்கள் இங்கே இல்லை. பெண்கள் சராசரியாக ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள். இரண்டுமே விகிதத்தை உயர்த்தும். பெண் குழந்தை எப்படி வரவேற்கப்படுகிறது என்பதற்கும் இந்த உயர்வுக்கும் தொடர்பே இல்லை. குழந்தைகளோ தனியாக வேலை தேடிப் போவதில்லை. முதுமையின் பங்கும் அங்கே இல்லை. ஆகவே அவர்களின் விகிதத்தை அசைக்கக்கூடியவை இரண்டுதான். யார் பிறக்கிறார்கள், பிறந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள்.

இந்தப் பிரிவினை இல்லையென்றால் நாடு எதைத் தவறவிட்டிருக்கும் என்பதை 2001-க்கும் 2011-க்கும் இடையிலான எண்கள் காட்டுகின்றன. இந்தியாவின் மொத்தப் பாலின விகிதம் 933-இலிருந்து 943 ஆக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம். அதே பத்தாண்டில் குழந்தைப் பாலின விகிதம் 927-இலிருந்து 918 ஆகச் சரிந்தது. ஒரு எண் ஏறுகிறது, அதற்குள்ளே இருக்கிற இன்னொரு எண் இறங்குகிறது. பெண்களின் ஆயுள் கூடியது மேலே தெரிந்தது. பெண் சிசுக்கள் பிறக்கவிடாமல் தடுக்கப்பட்டது அடியில் மறைந்திருந்தது.

ஆயிரத்துக்கு ஆயிரம் அல்ல

960 நல்லதா, கெட்டதா? ஆயிரம்தான் சரியான எண் என்று நினைத்தால் இதுவும் குறைதான். ஆனால் இயற்கை ஆயிரத்துக்கு ஆயிரம் தருவதில்லை. யாரும் தலையிடாத நிலையில், உலகெங்கும் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நம் கணக்கு முறைக்கு மாற்றினால் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 952 பெண் குழந்தைகள். பிறந்த பிறகு இயற்கை மறுபக்கம் சாய்கிறது. சிசுப் பருவத்தில் ஆண் குழந்தைகள் சற்று அதிகமாக இறக்கிறார்கள். அதனால் ஏழு வயதுவரை சேர்த்துப் பார்க்கும்போது விகிதம் 952-க்குக் கொஞ்சம் மேலே இருப்பது இயல்பு.

இந்த அளவுகோலோடு பார்த்தால் திருநெல்வேலியின் 960 இயற்கையை ஒட்டியது. தமிழ்நாட்டின் 943 அப்படியல்ல. மாநிலத்தில் 38,20,276 ஆண் குழந்தைகள் இருந்தார்கள். 952 என்ற அளவில் வைத்தாலே அதற்கு ஈடாக 36 லட்சத்து 37 ஆயிரம் பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் 36,03,556. குறைந்தபட்சம் 33 ஆயிரம் சிறுமிகள் இல்லை. வகுப்புக்கு நாற்பது பேர் என்று உட்கார வைத்தால் எண்ணூறுக்கு மேற்பட்ட வகுப்பறைகள் காலி.

இந்தக் காலியிடங்கள் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. சேலம் மாவட்டத்தின் குழந்தைப் பாலின விகிதம் 1991-லும் 2001-லும் 850-ஐ ஒட்டியே கிடந்தது. இயற்கையில் அப்படி ஒரு எண் வராது. பெண் சிசுக் கொலையும், வயிற்றிலேயே பாலினம் கண்டறிந்து கலைப்பதும் அங்கே நடந்ததை அட்டவணையே சாட்சி சொன்னது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. 2011-இல் சேலத்தின் எண் 916. இன்னும் இயற்கைக்குக் கீழேதான், ஆனால் பத்தாண்டில் 65 புள்ளிகளை ஒட்டிய ஏற்றம்.

பிறந்த சிசுவுக்குச் செய்யும் தீங்கையும் பிறக்கும் முன்பே செய்யும் தீங்கையும் ஒருசேரப் பிடிப்பது இந்த அளவின் தனிச்சிறப்பு. பிறப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்தால், பதிவான பிறகு இறந்துபோன பெண் குழந்தை அதில் பிறந்தவளாகவே நிற்பாள். ஏழு வயதுச் சன்னலில் அவள் இல்லாதது தெரிந்துவிடும். ஆனால் இரண்டில் எது எவ்வளவு என்று இந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஊர் எண் ஏன் ஆடுகிறது?

இவ்வளவு தெரிந்த பிறகு, சொந்த ஊரின் வரிக்குப் போய் விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்க்க ஆசை வரும். அங்கே ஒரு நிதானம் வேண்டும்.

ஒரு பேரூராட்சியில் ஆயிரம் குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. இயற்கைப்படி 512 ஆண், 488 பெண் எதிர்பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பிறப்பும் தற்செயல்தான். ஆயிரம் பிறப்புகளில் அந்த 512 என்பது 32 வரை கூடவோ குறையவோ செய்வது முழுக்க இயல்பு என்று புள்ளியியல் சொல்கிறது. ஆண் குழந்தைகள் 544 ஆனால் பெண் குழந்தைகள் 456, விகிதம் 838. ஆண் குழந்தைகள் 480 ஆனால் பெண் குழந்தைகள் 520, விகிதம் 1,083. ஒரு குற்றமும் இல்லாமலேயே ஒரு ஊர் சேலத்தின் மோசமான காலம்போலவும் தெரியலாம், பெண்களின் சொர்க்கம்போலவும் தெரியலாம். அறுபது குழந்தைகள் உள்ள ஒரு வார்டில் இந்த ஆட்டம் இன்னும் பெரிது.

எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் அடங்கும். 3,21,687 குழந்தைகள் இருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் தற்செயலால் விகிதம் நகரக்கூடியது ஏழு புள்ளி அளவுக்கு. மாநில அளவில் ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. ஆகவே மாநிலத்தின் 943-ஐத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஒரு ஊரின் 850-ஐ அப்படியே நம்பவும் முடியாது. ஊரின் எண்ணைப் பயன்படுத்த வழி ஒன்று உண்டு. இரண்டு மூன்று கணக்கெடுப்புகளில் அது தொடர்ந்து கீழேயே இருக்கிறதா, சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக் கூட்டினாலும் கீழேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கே விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

இந்தச் சன்னலுக்கு இன்னொரு குறை உண்டு, அதைக் கண்டுபிடிக்கக் காலண்டர் போதும். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. சன்னலின் அகலம் ஏழாண்டு. 2001-இன் பத்தியில் இருந்தவர்கள் 1994 மார்ச் முதல் 2001 பிப்ரவரி வரை பிறந்தவர்கள். 2011-இன் பத்தி 2004 மார்ச்சில் தொடங்குகிறது. நடுவில் மூன்று ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் எந்தக் கணக்கெடுப்பிலும் `P_06` பத்தியில் வரவே இல்லை. அவர்கள் பிறந்தபோது கணக்கெடுப்பு முடிந்திருந்தது. அடுத்தது வந்தபோது ஏழைத் தாண்டிவிட்டார்கள்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதில் இந்த இடைவெளி அகலமாகிவிட்டது. அடுத்ததற்கான அளவுகோல் நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அன்று சன்னலுக்குள் வருபவர்கள் 2020 மார்ச் முதல் பிறந்தவர்கள். ஆக 2011 மார்ச் முதல் 2020 பிப்ரவரி வரை பிறந்த ஒன்பது ஆண்டுப் பிள்ளைகள் இந்தப் பத்தியைப் பார்க்காமலே கடந்துவிட்டார்கள். அவர்களை முற்றிலும் இழந்துவிட்டோம் என்றில்லை. ஒவ்வொரு வயதாகப் பிரித்துத் தருகிற தனி வயது அட்டவணையில் ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களாக அவர்கள் தெரிவார்கள். ஆனால் அந்த அட்டவணை தாமதமாக வரும், ஊர் அளவுக்கு இறங்கவும் இறங்காது.

தென்காசிக்கு அந்த 2027 அட்டவணையில் புதிதாக ஒன்று இருக்கும். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்கு முதன்முறையாகச் சொந்த வரி கிடைக்கப் போகிறது. 960 என்ற எண்ணில் எவ்வளவு மேற்கு மலையடிவாரத்துக்கு உரியது, எவ்வளவு தாமிரபரணிக் கரைக்கு உரியது என்று அதுவரை திருநெல்வேலி வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வேண்டுமானால் பழைய அட்டவணையிலேயே தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் போன்ற வட்டங்களின் `M_06`, `F_06` எண்களைத் தனியே கூட்டி, இன்றைய மாவட்டத்துக்கான 2011 விகிதத்தை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, குழந்தைகளைக் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும். அப்படிச் செய்து வைத்தால், புதிய எண் வெளியாகிற அன்றே பதினாறு ஆண்டு மாற்றத்தை ஒரு கழித்தலில் அறிந்துவிடலாம். முதலில் வருவது தற்காலிக எண்ணாக இருந்தால், மூன்று நான்கு புள்ளி வேறுபாட்டுக்குக் கொண்டாடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். இறுதி எண் வரும்வரை காத்திருக்கலாம்.